பொத்தென்ஸாவும் பவரும்: இத்தாலியத் தத்துவ உரைநடை ஆங்கிலமாகும்போது

ஜோர்ஜோ அகம்பெனின் ‘ஹோமோ சாகெர்’ 1995இல் இத்தாலிய மொழியில் வெளிவந்தது. டேனியல் ஹெல்லர்-ரோஸன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை 1998இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. நூலின் துணைத்தலைப்பில் ‘பொத்தேரே’ என்றொரு சொல் வருகிறது. ஆங்கிலத்தில் அது ‘பவர்’ ஆகியிருக்கிறது. முதல் பகுதியின் மூன்றாம் இயலுக்குத் தலைப்பு ‘பொத்தென்ஸா எ திரித்தோ’. அங்கே ‘பொத்தென்ஸா’ என்பது ‘பொட்டென்ஷியாலிட்டி’ என்றும் ‘திரித்தோ’ என்பது ‘லா’ என்றும் ஆகியுள்ளன. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே சரியான தேர்வுகள். ஆனால் அந்த இயலை இரண்டு மொழிகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், இத்தாலியப் பிரதியில் இயல்பாக நகரும் ஒரு வாதம் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் தாவிச் செல்வது தெரியும்.

அந்த இயலின் பொருள் இது. அரசியலமைப்பை உருவாக்கும் அதிகாரம் ஒன்று. அதனால் உருவாக்கப்பட்டு இயங்கும் அதிகாரம் இன்னொன்று. இவற்றுக்கிடையேயான உறவை விளக்க அகம்பென் அரிஸ்டாட்டிலிடம் போகிறார். ஒரு பொருள் ஆகக்கூடிய நிலையில் இருப்பதற்கும் உண்மையில் ஆகிவிடுவதற்கும் இடையே அரிஸ்டாட்டில் காணும் உறவே இதற்கும் திறவுகோல் என்கிறார். இத்தாலியத்தில் ‘பொத்தேரே’ என்பது ‘இயலுதல்’ என்ற வினை. அதே சொல் பெயராக நின்றால் ‘அதிகாரம்’. ‘பொத்தென்ஸா’ அதே வேரில் பிறந்தது; ஆற்றல், வல்லமை, ஆகக்கூடிய நிலை என்றெல்லாம் பொருள்படும். அதிகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் இயலும் நிலையைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இத்தாலிய வாசகருக்கு ஒரே குடும்பத்துக்குள் நடமாடும் உணர்வு இருக்கிறது. ஆங்கில வாசகருக்கோ ‘பவர்’ என்ற சொல்லிலிருந்து ‘பொட்டென்ஷியாலிட்டி’ என்ற, காதுக்கு உறவில்லாத சொல்லுக்குப் பயணம். வாதத்தின் உள்ளே இருந்த பிணைப்பு, வெளியிலிருந்து கொண்டுவந்த ஓர் ஒப்புமைபோல் தோன்றிவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர் வேறென்ன செய்திருக்க முடியும்? ‘பொத்தென்ஸா’வையும் ‘பவர்’ என்றே வைத்தால் அரிஸ்டாட்டில் காணாமல் போவார். ஆங்கிலத்தில் அரிஸ்டாட்டிலைப் படித்தவர்களுக்கு அந்தக் கருத்தின் வழக்கமான பெயர் ‘பொட்டென்ஷியாலிட்டி’. இரண்டு இழப்புகளில் ஒன்றை அவர் தெரிந்தே ஏற்றார். என் பார்வையில் சரியானதையே ஏற்றார். ஏனென்றால் அந்த இயலின் பாரம் முழுவதும் அரிஸ்டாட்டிலின் மேல் நிற்கிறது. அதிகாரம் என்ற சொல்லோடு உள்ள உறவைச் சுற்றியுள்ள வாக்கியங்களால் ஓரளவு ஈடுகட்டலாம். அரிஸ்டாட்டிலை அப்படி ஈடுகட்ட முடியாது.

இதே சொல்லை இன்னொருவர் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார். அந்தோனியோ நேக்ரி சிறையிலிருந்தபோது ஸ்பினோசாவைப் பற்றி எழுதிய நூல் 1981இல் இத்தாலியில் வெளிவந்தது. மைக்கேல் ஹார்ட் அதை ‘த ஸாவேஜ் அனாமலி’ என்ற பெயரில் 1991இல் ஆங்கிலமாக்கினார். ஸ்பினோசாவின் லத்தீனில் ‘பொத்தென்தியா’, ‘பொதெஸ்தாஸ்’ என இரண்டு சொற்கள் உண்டு. நேக்ரியின் இத்தாலியத்தில் அவை ‘பொத்தென்ஸா’, ‘பொத்தேரே’. முதலாவது, உள்ளிருந்து எழும் ஆற்றல். இரண்டாவது, மேலிருந்து ஆளும் அதிகாரம். இவை ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதே நூலின் வாதம். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இதற்கு இணைச் சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘பவர்’ ஒன்றுதான். ஹார்ட் கண்ட வழி எழுத்தின் அளவை மாற்றுவது: ஆளும் அதிகாரத்துக்குப் பெரிய எழுத்தில் தொடங்கும் ‘பவர்’, ஆற்றலுக்குச் சிறிய எழுத்து ‘பவர்’. முன்னுரையிலேயே இதை விளக்கியும் விட்டார்.

இந்த வழியின் பலம், இரண்டு கருத்துகளும் ஒரே உடலில் இருந்து பிரிவது கண்ணுக்குத் தெரிகிறது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தின் முதல் சொல் எப்போதும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். ஆகவே ‘ஆற்றல்’ என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் வாசகருக்கு அது ‘அதிகாரம்’ ஆகிவிடும். இந்த முறையை எடுத்துக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர், அந்தச் சொல் எழுவாயாக முதலில் நிற்கும் வாக்கியங்களையெல்லாம் திருப்பி அமைத்தாக வேண்டும். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சாகும் இடத்தில் வேறுபாடு மறையும். வகுப்பில் வாய்விட்டுப் படித்தாலும் மறையும்.

ஆக, ஒரு அருவப் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது அதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது போதாது. அந்தச் சொல் கட்டுரை முழுவதும் என்னென்ன உருவங்களில் திரும்ப வரப்போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் பெயரடை எது, எதிர்மறை எது, வினையாகும்போது எப்படி நிற்கும் என்று முழுக் குடும்பத்தையும் எழுதிப் பார்த்த பிறகே முடிவெடுக்க முடியும். ஜோவான்னி ஜென்தீலேயின் முக்கிய நூலை வில்டன் கார் 1922இல் ஆங்கிலமாக்கியபோது தலைப்பிலிருந்த ‘ஸ்பிரித்தோ’வை ‘மைண்ட்’ என்றார். தலைப்புக்கு அது தெளிவான சொல். ஆனால் ‘ஸ்பிரித்தோ’ பெயரடையாகி ‘ஸ்பிரித்துவாலே’ என்று வரும் இடத்தில், ‘மைண்ட்’ தரக்கூடிய ‘மென்டல்’ என்ற பெயரடை வாசகரை உளவியல் பக்கம் தள்ளிவிடும். ‘ஸ்பிரிட்’ என்று வைத்தால் அதன் பெயரடை ஆன்மிகத்தின் பக்கம் இழுக்கும். பெயராக வென்ற சொல் பெயரடையாகத் தோற்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும். அதை முதல் பக்கத்தில் கண்டுபிடிக்க முடியாது.

‘பொத்தென்ஸா’வின் எதிர்மறை இன்னும் கடினமானது. இத்தாலியத்தில் ‘இம்பொத்தென்ஸா’ என்றால் வழக்கில் ‘இயலாமை’. அகம்பெனோ அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, அதற்கு ‘செய்யாமலிருக்கும் ஆற்றல்’ என்ற பொருளைத் தருகிறார். வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்காமல் இருக்கலாம். அந்த ‘இருக்கலாம்’ அவருடைய ஆற்றலின் பகுதி, குறை அன்று. ஆங்கிலத்தில் ‘இம்பொட்டென்ஸ்’ என்று எழுதினால் வாசகர் மருத்துவத்தை நினைப்பார். அதனால்தான் ‘இம்பொட்டென்ஷியாலிட்டி’ என்ற, ஆங்கிலத்தில் யாரும் பேசாத சொல் உருவானது. அகராதியில் தேடினால் கிடைக்காத சொல்லை ஆக்குவது பொதுவாகக் கடைசி வழி. இங்கே அது நியாயம், ஏனென்றால் வழக்கில் உள்ள எந்தச் சொல்லும் வாதத்தைத் தலைகீழாக்கிவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல், எதிர்மறை எந்த இடத்தில் நிற்கிறது என்பது. இத்தாலியத்தில் ‘நோன் புவோ எஸ்ஸெரே’ என்றால் ‘இருக்க முடியாது’. ‘புவோ நோன் எஸ்ஸெரே’ என்றால் ‘இல்லாமல் இருக்க முடியும்’. மறுக்கும் சொல் ஒரு இடம் நகர்ந்ததும் முழுப் பொருளும் மாறுகிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் வெறும் ‘கேன் நாட்’ என்று எழுதினால், இடையில் ஒரு வெற்றிடம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே மிஞ்சும் வேறுபாடு. அச்சுப் பிழை திருத்துபவர் அதை நல்லெண்ணத்தோடு சேர்த்துவிடுவார். அதனால் கவனமுள்ள மொழிபெயர்ப்பாளர்கள் மறுப்பை அடுத்த வினையோடு சிறு கோடிட்டு இணைப்பார்கள், அல்லது ‘இல்லாதிருக்கும் இயல்தகவு’ என்ற பொருளில் பெயர்த்தொடராக விரிப்பார்கள். தமிழுக்கு இந்த இடர் இல்லை. ‘வர முடியாது’, ‘வராமலிருக்க முடியும்’ என்பவை நம் காதில் ஒருபோதும் குழம்புவதில்லை.

இனி வாதத் தொடர். நீண்ட இத்தாலிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் துண்டாக்குவதுதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். துண்டாக்குவது எளிது. எந்தத் துண்டு எந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதை இழக்காமல் துண்டாக்குவதுதான் கடினம். இதைக் காட்ட, நூல் எதிலிருந்தும் எடுக்காமல், அந்த நடையில் நானே ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்கிறேன்.

‘இல் திரித்தோ, இன் குவான்தோ பிரெசுப்போனே லெச்செஸியோனே, லா குவாலே நோன் ஸி தா ஸே நோன் நெல்லா சொஸ்பென்ஸியோனே தி எஸ்ஸோ, சரெப்பே, செகோந்தோ இ ஜுரிஸ்தி, இல் ஃபொந்தமென்தோ தெல்லா வீத்தா கொமூனே; மா குவெஸ்தா லோ பிரெச்சேதே, அன்ஸி லோ ரெந்தே பொஸ்ஸீபிலே.’

சொல்லுக்குச் சொல் பக்கத்தில் வைத்தால் இப்படி: சட்டம், விதிவிலக்கை முன்னிபந்தனையாகக் கொள்வதனால் அல்லது கொள்ளும் அளவில், அந்த விதிவிலக்கோ இதன் இடைநிறுத்தத்தில் அன்றி நேர்வதில்லை, பொதுவாழ்வின் அடித்தளம் என்பது சட்ட அறிஞர்களின் கூற்று; ஆனால் இது அதற்கு முந்தியது, அதைவிட, அதைச் சாத்தியமாக்குவதே இது.

முதலில் பிரதிப்பெயர்களைப் பார்ப்போம். இத்தாலியத்தில் ‘திரித்தோ’ ஆண்பால். ‘எச்செஸியோனே’, ‘வீத்தா’ இரண்டும் பெண்பால். ‘லா குவாலே’ பெண்பால் என்பதால் அது விதிவிலக்கைத்தான் குறிக்க முடியும். ‘எஸ்ஸோ’ ஆண்பால், எனவே சட்டம். கடைசியில் வரும் ‘குவெஸ்தா’ பெண்பால். அது விதிவிலக்கா, பொதுவாழ்வா? ‘இது’ என்ற அண்மைச் சுட்டு அருகில் நிற்பதையே காட்டும், எனவே பொதுவாழ்வு. ‘லோ’ என்பது ஆண்பால். இலக்கணப்படி ‘அடித்தளம்’ என்ற சொல்லையும் அது குறிக்கலாம், அதுவும் ஆண்பால்தான். ஆனால் மறுக்கப்படுவது சட்டத்தின் உரிமை என்பதால் பொருள் சட்டத்தின் பக்கம் நிற்கிறது.

இதையெல்லாம் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் எல்லாமே ‘இட்’. கடைசித் துண்டை ‘ஆனால் இட் அதற்கு முந்தியது’ என்ற அமைப்பில் அப்படியே வைத்தால், ஆங்கில வாசகர் இரண்டு விதமாகப் படிக்கலாம். பொதுவாழ்வு சட்டத்துக்கு முந்தியது என்பது ஒன்று. விதிவிலக்கு சட்டத்துக்கு முந்தியது என்பது மற்றொன்று. இரண்டாவது பொருளற்ற வாசிப்பாக இருந்தால் தானே கழன்றுவிடும். அப்படிக் கழலாது. விதிவிலக்கைப் பற்றித் தீர்மானிப்பவனே இறையாண்மை உடையவன் என்ற கார்ல் ஷ்மிட்டின் 1922ஆம் ஆண்டு நிலைப்பாட்டுக்கு அது மிக அருகில் இருக்கிறது, படித்த வாசகருக்கு உடனே தோன்றும் வாசிப்பும் அதுவே. ஆகவே ஒரு பிரதிப்பெயரால் ஆசிரியர் தன் எதிர்முகாமுக்குப் போய்விடுகிறார். இதற்கு மாற்று ஒன்றுதான்: பிரதிப்பெயரை விட்டுப் பெயரைத் திரும்ப எழுதுவது. ‘பொதுவாழ்வு சட்டத்துக்கு முந்தியது’ என்று ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களையும் முழுதாக வைக்க வேண்டும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பதிப்பாசிரியர் அடித்துவிட்டால், ஏன் வைத்தோம் என்பதைச் சொல்லி அதைக் காப்பாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘திரித்தோ’ என்பது சட்டம் என்ற ஒழுங்கமைப்பு முழுவதும். ‘லெஜ்ஜே’ என்பது இயற்றப்பட்ட ஒரு சட்டம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘லா’. நம் வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியத்தில் ஆசிரியர் ‘லெஜ்ஜே’ என்று எழுதினால், பெயரைத் திரும்பச் சொல்லும் நம் மருந்தே நோயாகும். இரண்டு வேறு பொருள்கள் ஒரே பெயரில் நிற்கும். அப்போது ஒன்றைச் ‘சட்ட ஒழுங்கு’ என்ற பொருளில் இரண்டு சொல்லாக விரிப்பது உதவும்.

அடுத்து ‘இன் குவான்தோ’. இத்தாலியத் தத்துவ உரைநடையில் இது பக்கத்துக்குப் பக்கம் வரும், மூன்று வேலைகளைச் செய்யும். பின்னால் பெயர் வந்தால் ‘அந்த நிலையில்’ என்ற பொருள்: ‘மனிதன் மனிதன் என்ற நிலையில்’. பின்னால் வினை வந்தால் ஒன்று காரணம், அல்லது அளவு. நம் வாக்கியத்தில் வினை வருகிறது. காரணம் என்று எடுத்தால், சட்டம் விதிவிலக்கை முன்கொள்வதே அது அடித்தளமாக இருப்பதற்குக் காரணம் என்பது அறிஞர் வாதம். அளவு என்று எடுத்தால், விதிவிலக்கை முன்கொள்ளும் வரைக்கும் மட்டுமே அது அடித்தளம். இரண்டும் இரண்டு தத்துவங்கள். அகராதி இங்கே முடிவு தராது. நான் நம்பும் சோதனை இது: அந்த இடத்தில் ‘ஏனென்றால்’ என்று பொருள்படும் ‘பொய்கே’யை வைத்து ஒருமுறை, ‘அந்த அளவுக்கு’ என்று பொருள்படும் தொடரை வைத்து ஒருமுறை படித்து, அடுத்து வரும் மறுப்பு எதைத் தாக்குகிறது என்று பார்ப்பது. நம் வாக்கியத்தின் ‘மா’ எந்த வரம்பையும் பொருட்படுத்தவில்லை, சட்டம் அடித்தளம் என்ற முழுக் கூற்றையும் கவிழ்க்கிறது. எனவே முன்னால் நின்றது வரம்பு இல்லாத காரண வாதமாக இருப்பதே பொருந்தும். ஆங்கிலத்தில் பழக்கத்தால் எல்லா இடத்திலும் ‘இன்சோஃபார் ஆஸ்’ என்று வைப்பவர்கள் காரணங்களையெல்லாம் வரம்புகளாக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட மொழிபெயர்ப்பில் ஆசிரியர் எதையும் உறுதியாகச் சொல்லாதவர்போல் தெரிவார்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘சரெப்பே’. இது ‘இருக்கும்’ என்ற நிபந்தனை வினை. இத்தாலியச் செய்தித்தாள்களில் ‘குற்றவாளி தப்பி ஓடியதாகத் தெரிகிறது’ போன்ற உறுதிப்படாத செய்திக்கு இதே வினை வடிவம் வரும். தத்துவக் கட்டுரையிலும் பிறர் கருத்தை, ஒப்புக்கொள்ளாமல் எடுத்துச் சொல்ல இதுவே வழி. நம் வாக்கியத்தில் ‘அறிஞர்களின்படி’ என்ற சொல்லும் கூடவே நிற்பதால் ஆபத்து குறைவு. உண்மையான கட்டுரைகளில் அந்தப் பெயர் முதல் வாக்கியத்தில் ஒருமுறை வந்துவிட்டு, அடுத்த நான்கைந்து வாக்கியங்களை வினை வடிவம் மட்டுமே தாங்கிச் செல்லும். தமிழில் ‘-ஆம்’ என்ற விகுதி செய்யும் வேலை அது: ‘சட்டமே அடித்தளமாம்’. ஆங்கில வினையில் இதற்கு வடிவமே கிடையாது. ‘வுட் பீ’ என்று எழுதினால் ஏதோ ஒரு நிபந்தனை விடுபட்டதுபோல் இருக்கும். ‘இஸ்’ என்று எழுதினால் எதிராளியின் கருத்து ஆசிரியரின் கருத்தாகிவிடும். ‘இந்தப் பார்வையில்’, ‘அவர்கள் கருதுவதுபோல’ என்று பொருள்படும் தொடரை ஓரிரு வாக்கியங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியதுதான். மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்ப்பதாகத் தோன்றும். மூலத்தில் அது வினையின் விகுதியில் இருக்கிறது.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. மொழிபெயர்ப்பு ஒவ்வொரு வாக்கியமாகச் சரளமாக இருக்கும், ஆனால் ஒரு பக்கத்துக்குள் ஆசிரியர் தன்னையே மறுத்துக்கொள்வார். அப்படி எங்கே தெரிந்தாலும், ‘ஆழமான முரண்’ என்று வியப்பதற்கு முன் மூலத்தில் அந்த இடத்து வினை வடிவங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு நிபந்தனை வினை அங்கே காத்திருக்கும்.

வெட்டும் இடத்தையும் இதுவே தீர்மானிக்கிறது. அரைப்புள்ளி வந்தால் வெட்டலாம் என்பது கண்ணுக்கான விதி. குரல் மாறும் இடத்தில் வெட்டுவது வாதத்துக்கான விதி. நம் வாக்கியத்தில் இரண்டும் ‘மா’வில் ஒன்று சேர்கின்றன, அது தற்செயல். ஆசிரியர் எதிராளியின் வாதத்தைக் காற்புள்ளிகளுக்கிடையே மறுத்துவிட்டு அதே மூச்சில் முன்னேறும் வாக்கியங்களில், வெட்டு காற்புள்ளியில்தான் விழ வேண்டும். விதிவிலக்கைப் பற்றிய இடைச்செருகல் துண்டைத் தனி வாக்கியமாக்கி முன்னால் கொண்டுவரலாம் என்று தோன்றும். கொண்டுவந்தால், யாருடைய கூற்று என்று தெரியாமல் அது ஆசிரியரின் முன்னுரைபோல் நின்றுவிடும். எனவே முதல் பாதியைச் சற்றே நீளமாகவே விட்டு, ‘சட்ட அறிஞர்கள் கருதுவது’ என்று பொருள்படும் தொடரை வாக்கியத்தின் தொடக்கத்துக்கு இழுத்துவிடுவது நல்லது. எழுவாய் யாருடைய வாயில் இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் வாசகர் நீளத்தைத் தாங்கிக்கொள்வார்.

‘அன்ஸி’ என்ற கடைசி இணைப்புச் சொல் முன் சொன்னதை மறுக்கவும் செய்யும், அதைவிட வலுவாக்கவும் செய்யும். இங்கே வலுவாக்குகிறது: முந்துவது மட்டுமன்று, சாத்தியமாக்குவதும் அதுவே. ‘மாறாக’ என்ற பொருளில் ஆங்கிலமாக்கினால் வாதம் உடையும். ‘இன்ஃபாத்தி’யும் இப்படித்தான். ஆங்கில ‘இன் ஃபேக்ட்’ போல ஒலித்தாலும் அது ‘ஏனென்றால்’ என்று முன் வாக்கியத்துக்குக் காரணம் தருகிறது. ஒலியை நம்பி மாற்றினால், காரணமாக நின்ற வாக்கியம் தனிச் செய்தியாகிவிடும்.

தமிழில் நேக்ரி, அகம்பென், கிராம்ஷி போன்றோர் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே பேசப்படுகிறார்கள். அதனால் இந்தத் தேர்வுகள் நம் பிரதிகளுக்குள்ளும் நுழைகின்றன. ஹார்ட்டின் முறையையே எடுத்துக்கொள்வோம். தமிழ் எழுத்தில் பெரிது, சிறிது என்ற வேறுபாடு இல்லை. எனவே அவர் ஆங்கிலத்தில் காப்பாற்றிய கோடு தமிழாக்கத்தில் சுவடின்றிப் போய்விடலாம். அவருடைய முன்னுரையைப் படிக்காத தமிழ் மொழிபெயர்ப்பாளர் இரண்டு ‘பவர்’களையும் ‘அதிகாரம்’ என்று எழுதிவிட்டால், ஸ்பினோசாவில் எதிரெதிராக நிற்பவை ஒன்றாகிவிடும். படித்தவருக்கோ வேலை ஆங்கிலத்தைவிட எளிது: சிறிய எழுத்துக்கு ‘ஆற்றல்’, பெரிய எழுத்துக்கு ‘அதிகாரம்’. வாக்கியத் தொடக்கத்தில் வரும் ‘பவர்’ எது என்று சந்தேகம் எழுந்தால் இத்தாலிய மூலத்தில் அந்தப் பத்தியைத் தேடி, அங்கே இருப்பது ‘பொத்தென்ஸா’வா ‘பொத்தேரே’யா என்று பார்த்துவிடலாம். இத்தாலியம் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு சொற்களின் எழுத்துகள் தெரிந்திருந்தால் போதும்.